பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி: முதலில் படபடப்பு, பிறகு சோர்வு. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை பிறந்து மூணு மாசம் ஆகுது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்குது, கை நடுங்குது, எரிச்சலா வருது. இது பதற்றமா, தைராய்டா?

மனசுக்குள் தோன்றுவதை மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது. தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் கூடினால் உடம்பு அட்ரினலினுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டும். அதனால் இதயம் வேகமாகத் துடிக்கும், வியர்க்கும், தூக்கம் கலையும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். பதற்றத்திலும் இதே உணர்வுகள்தான். ஆனால் உடம்பைக் கவனித்தால் சில வித்தியாசங்கள் தெரியும்.

பதற்றத்தில் வரும் படபடப்பு பெரும்பாலும் அலை மாதிரி எழுந்து அடங்கும். நன்றாகத் தூங்கி எழுந்த வேளையில் நாடி இயல்பாக இருக்கும். தைராய்டால் வரும் படபடப்பு ஓய்விலும் விடாது. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன்பே, மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். நாலைந்து நாள் எண்ணி எழுதி வையுங்கள். தொடர்ந்து 90-ஐத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அடுத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, புறங்கை மேல் ஒரு தாளை வையுங்கள். தாளின் ஓரம் விடாமல் மெல்லிசாக அதிர்கிறதா என்று பாருங்கள். மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கும் அறை உங்களுக்கு மட்டும் புழுக்கமாக இருப்பதும், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போவதும் தைராய்டின் பக்கமே சுட்டும்.

இவை எதுவும் இல்லை என்பதற்காகத் தைராய்டு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த நோயின் முதல் கட்டம் பலருக்கு மிக லேசாக வந்து போகும். பதற்றமும் தைராய்டும் ஒரே நேரத்தில் இருக்கவும் வாய்ப்புண்டு. முடிவைச் சொல்வது ரத்தப் பரிசோதனைதான்.

கர்ப்பமா இருந்தப்ப தைராய்டு நார்மல்னுதானே சொன்னாங்க? இப்ப எங்கிருந்து வந்துச்சு?

கர்ப்ப காலத்தில் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் குழந்தையைத் தாக்கிவிடாதபடி சற்று அடங்கியிருக்கும். பிரசவம் முடிந்ததும் அந்த அடக்கம் விலகி, எதிர்ப்பு மண்டலம் வேகமாகத் திரும்பி எழும். தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே உடம்பில் இருந்தவர்களுக்கு அந்த வேகம் சுரப்பியின் மீது திரும்புகிறது. செல்கள் சேதமடைந்து, சுரப்பி சேமித்து வைத்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிகிறது.

இங்கே சுரப்பி அதிகமாக வேலை செய்யவில்லை, உடைந்து கொட்டுகிறது. மருந்து, பரிசோதனை, காலக்கணக்கு எல்லாமே இந்த வித்தியாசத்தைப் பொறுத்தவைதான். சேமிப்பு தீர்ந்ததும் கசிவு தானாக நிற்கும். ஆனால் அடிபட்ட சுரப்பியால் புதிதாகப் போதுமான அளவு சுரக்க முடியாததால், அடுத்து பற்றாக்குறை வரும்.

பிரசவித்த பெண்களில் சுமார் 20 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் டி.பி.ஓ. ஆன்டிபாடி என்ற, தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை பாதிக்கப்படுகிறார்கள். டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், முந்தைய பிரசவத்துக்குப் பின் இதே நோய் வந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். கருச்சிதைவுக்குப் பிறகும் வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எந்த மாசத்துல என்ன நடக்கும்?

ஹார்மோன் கூடும் கட்டம் பெரும்பாலும் 2 முதல் 6 மாதத்துக்குள் தொடங்கி, ஓரிரு மாதம் நீடிக்கும். குறையும் கட்டம் 3 முதல் 12 மாதத்துக்குள் வந்து, நாலைந்து மாதமாவது இழுக்கும். பலருக்கு முதல் வருடம் முடிவதற்குள் சுரப்பி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் இரண்டு கட்டமும் வரிசையாக வருவது ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான். சிலருக்குப் படபடப்பு மட்டும் வந்து அதோடு முடிந்துவிடும். இன்னும் பலருக்கு முதல் கட்டம் தெரியவே தெரியாமல் நேராகச் சோர்வில் போய் நிற்கும். 'எனக்குப் படபடப்பே வரலையே' என்பது இந்த நோயை விலக்கப் போதுமான காரணம் அல்ல.

கழுத்தில் வலி இருக்காது. தைராய்டுப் பகுதியைத் தொட்டால் நன்றாக வலிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் அது வேறு வகை அழற்சி.

டி.எஸ்.எச். மட்டும் பார்த்தா போதாதா?

பிரசவத்துக்குப் பின் போதாது. கூடவே ரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோனின் அளவான ஃப்ரீ டி4-உம் கேளுங்கள். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அல்ல, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. ரத்தத்தில் ஹார்மோன் கூடினால் கட்டளை குறையும், ஹார்மோன் குறைந்தால் கட்டளை கூடும். ஆனால் இந்த மாற்றம் உடனே நடப்பதில்லை. வாரக்கணக்கில் அடக்கப்பட்டிருந்த பிட்யூட்டரி மறுபடி எழ இன்னும் சில வாரம் எடுத்துக்கொள்ளும்.

அதனால் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாரங்களில் முடிவுகள் ஏமாற்றும். ஃப்ரீ டி4 இறங்கத் தொடங்கியிருக்கும், டி.எஸ்.எச். இன்னும் தரையிலேயே கிடக்கும். டி.எஸ்.எச்.-ஐ மட்டும் பார்ப்பவர் 'இன்னும் ஹார்மோன் அதிகம்தான்' என்று நினைப்பார். இன்னும் சில வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டுமே இயல்பாக இருக்கும், மேலிருந்து கீழே போகிற வழியில் ஒரு நாள் நடுக்கோட்டைக் கடப்பதால் மட்டும். 'தைராய்டு நார்மல், தூக்கம்தான் போதவில்லை' என்று சொல்லி அதோடு விட்டுவிடுவது அந்த நாளில்தான் நடக்கிறது. நாங்கள் பார்க்கிற தவறுகளில் தாய்மார்களை அதிக நாள் அலைக்கழிப்பது இதுதான்.

எனவே ஒவ்வொரு முடிவின் மேலும் பிரசவமாகி எத்தனையாவது வாரம் என்று எழுதி, முந்தைய முடிவோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். எண் எந்தத் திசையில் போகிறது என்பது அன்றைய எண்ணைவிட அதிகம் சொல்லும். ஹார்மோன் கூடிய கட்டம் அடங்கிய பிறகு, 4 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

டி.எஸ்.எச். குறைவாகவோ இயல்பாகவோ இருந்து, ஃப்ரீ டி4 குறைந்தே நிற்கிறது, மீண்டும் பார்த்தாலும் அப்படியே என்றால், கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம். பிரசவத்தின்போது ரத்தம் மிக அதிகமாகப் போனவர்களுக்கு, அதிலும் பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை என்பவர்களுக்கு, இதை உடனே விசாரிக்க வேண்டும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும்.

ஒரு உதாரணம் வச்சு, எண்களோட விளக்க முடியுமா?

விளக்கத்துக்காக ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்வோம். டி.எஸ்.எச். இயல்பு அளவு 0.4 முதல் 4.0, ஃப்ரீ டி4 இயல்பு அளவு 0.8 முதல் 1.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும்.

ஒரு தாய்க்கு 10-ஆம் வாரத்தில் படபடப்பு தொடங்குகிறது. குழந்தை தூங்கும் நேரத்திலும் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. கர்ப்பத்தில் ஏறிய எடை வேகமாக இறங்குவதால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 11-ஆம் வாரம் பரிசோதித்தால் டி.எஸ்.எச். 0.02, ஃப்ரீ டி4 2.6. டி.பி.ஓ. ஆன்டிபாடி அதிகம், கிரேவ்ஸ் என்ற வேறு தைராய்டு நோயைக் காட்டும் டி.எஸ்.எச். ஏற்பி ஆன்டிபாடி இல்லை. படபடப்புக்கு மட்டும் ப்ரொப்ரானலால் தரப்படுகிறது.

17-ஆம் வாரம் நாடி 78-க்கு வந்துவிட்டது, மாத்திரை நிறுத்தப்படுகிறது. டி.எஸ்.எச். 0.05, ஃப்ரீ டி4 0.9. முதல் எண்ணைப் பார்த்தால் இன்னும் அதிகம் போலத் தோன்றும். ஆனால் ஃப்ரீ டி4 2.6-லிருந்து 0.9-க்கு விழுந்திருக்கிறது, இன்னும் விழும். ஆகவே 6 வாரத்தில் மீண்டும் வரச் சொல்வதுதான் சரி.

23-ஆம் வாரம் மலச்சிக்கல், முகம் உப்பல், குளிர் தாங்காமை, எடை 3 கிலோ ஏற்றம். டி.எஸ்.எச். 34, ஃப்ரீ டி4 0.5. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்ஸின் 50 மைக்ரோகிராம் தொடங்கப்படுகிறது. 6 வாரம் கழித்து டி.எஸ்.எச். 7.8, எனவே அளவு 75 ஆகிறது. அடுத்த 6 வாரத்தில் 2.4-க்கு வந்துவிடுகிறது.

மாத்திரை தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. தாய்ப்பால் நிறுத்தியாகிவிட்டது, அடுத்த கர்ப்பத்துக்கான திட்டமும் இப்போது இல்லை. அளவைப் பாதியாகக் குறைத்து 6 வாரம் கழித்துப் பார்த்தால் 2.9. முழுதாக நிறுத்தி மறுபடி 6 வாரம் கழித்துப் பார்த்தால் 3.6. சுரப்பி மீண்டுவிட்டது. அந்தக் கடைசி எண் 12 என்று வந்திருந்தால் மாத்திரை மீண்டும் தொடங்கியிருக்கும்.

தைராய்டு அதிகம்னா அதைக் குறைக்கிற மாத்திரை ஏன் தரலை?

கார்பிமசோல் போன்ற மருந்துகள் சுரப்பி புதிதாக ஹார்மோன் தயாரிப்பதைத் தடுப்பவை. இங்கே தயாரிப்பு ஏற்கெனவே குறைந்துதான் இருக்கிறது. கசிந்து வெளியே வந்துவிட்ட ஹார்மோனை அந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கவிளைவு மட்டுமே மிஞ்சும், அடுத்து வரும் பற்றாக்குறையும் மோசமாகும்.

அதே மருந்து தேவைப்படும் நோய் ஒன்றும் பிரசவத்துக்குப் பின் வருவதுண்டு, அது கிரேவ்ஸ் நோய். அதில் சுரப்பி உண்மையிலேயே அதிகம் சுரக்கும், தானாக அடங்காது. கண் துருத்துவது, கழுத்து வீக்கம் பெரிதாக இருப்பது, டி.எஸ்.எச். ஏற்பி ஆன்டிபாடி இருப்பது ஆகியவை கிரேவ்ஸ் பக்கம் சுட்டும். சந்தேகம் தீராதபோது ஸ்கேன் கேட்பார்கள். தாய்ப்பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதிரியக்க அயோடின் 131 தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குக் கூடாது. டெக்னீசியம் ஸ்கேனுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் பாலைக் கறந்து கொட்டிவிட்டுத் தொடரலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் பலருக்கும் முடி கொட்டும், அதற்காகப் பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுக்கிறார்கள். ஒரு மாத்திரையிலேயே 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். சில ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தியே அளப்பதால், இந்த அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும், ஏற்பி ஆன்டிபாடிகூடப் பொய்யாக இருப்பதாகவும் காட்டலாம். தாளில் அச்சு அசலாகக் கிரேவ்ஸ் போலவே இருக்கும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

படபடப்புக்கு மாத்திரை சாப்பிட்டா தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ப்ரொப்ரானலால் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். வழக்கமாக 10 முதல் 20 மில்லிகிராம், தேவையைப் பொறுத்து நாளுக்குச் சில வேளை எனத் தருவார்கள். அறிகுறி அடங்கும் வரைதான், பெரும்பாலும் சில வாரங்கள். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், மூச்சுக்குழல் இறுகிவிடும். லெவோதைராக்ஸினும் தாய்ப்பாலுக்குத் தடையில்லை. சொல்லப்போனால், ஹார்மோன் குறைந்திருந்தால் பால் சுரப்பும் குறையலாம்.

குழந்தை வச்சிருக்கிற எல்லாருக்கும்தான் சோர்வு இருக்கு. என்னோடது தைராய்டுனு எப்படித் தெரியும்?

தூக்கக் குறைவால் வரும் சோர்வு, ஒரு நாள் இரவு யாராவது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஐந்தாறு மணி நேரம் விடாமல் தூங்கினால் கொஞ்சமாவது குறையும். தைராய்டுச் சோர்வு அப்படிக் குறையாது. உடம்போடு மனமும் மந்தமாகும், பேச வந்த சொல் நாக்கில் வராது, குரல் சற்றுக் கரகரக்கும். தோல் வறண்டு, மலச்சிக்கலும் குளிரும் சேர்ந்து வரும். முக்கியமாக, காலப்போக்கைக் கவனியுங்கள். மாதங்கள் போகப் போகக் குழந்தையின் தூக்கம் நீளும், உங்கள் சோர்வும் குறைய வேண்டும். நாலாம் மாதத்தில் ஓரளவு தேறியிருந்து ஆறாம் மாதத்தில் மறுபடி விழுந்தால் அது கேள்வி கேட்க வேண்டிய சோர்வு.

ரத்தசோகையும் இதே முகத்தோடு வரும், அதனால் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்தே பாருங்கள்.

மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ வினாத்தாள் என்ற 10 கேள்விகள் உண்டு. கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று அது கேட்கும். மதிப்பெண் கூடுதலாக வந்தால் உதவி தேவை என்று புரியும், ஆனால் காரணம் எது என்று அது சொல்லாது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று கண்டறியப்பட்ட எவருக்கும் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, டி.பி.ஓ. ஆன்டிபாடி பார்ப்பது நல்லது. தைராய்டு முடிவு வரட்டும் என்று மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையல்ல.

எடை ஏறினதுக்கு தைராய்டுதான் காரணமா? மாத்திரை போட்டா குறைஞ்சிடுமா?

ஓரளவுக்கு மட்டும். ஹார்மோன் பற்றாக்குறையால் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். டி.எஸ்.எச். சரியானதும் இந்தப் பங்கு இறங்கும், மீதி இறங்காது. இறங்கட்டும் என்று மாத்திரையைக் கூட்டிப் போட்டால் மறுபடி படபடப்பும் தூக்கமின்மையும் வரும், எலும்பும் பலவீனமாகும்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது எதிர்ப்பக்கம்தான். மூன்றாம் மாதத்தில் எடை மளமளவென்று இறங்கினால் எல்லோரும் பாராட்டுவார்கள், யாரும் பரிசோதனைக்கு அனுப்ப மாட்டார்கள். பசி அதிகமாக இருந்தும் எடை இறங்கினால் அன்றே நாடியை எண்ணுங்கள்.

லெவோதைராக்ஸின் எல்லாருக்கும் தேவையா? எப்படிச் சாப்பிடணும்?

எல்லோருக்கும் தேவையில்லை. டி.எஸ்.எச். 10-க்கு மேல் போனாலோ, அறிகுறிகள் தொந்தரவு செய்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ, அடுத்த கர்ப்பத்துக்கு முயன்றாலோ தொடங்குவார்கள். டி.எஸ்.எச். லேசாக மட்டும் கூடி, உடம்பும் நன்றாக இருந்தால், 4 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். பிரசவித்தவர்கள் பெரும்பாலும் இரும்புச்சத்தும் கால்சியமும் எடுப்பார்கள், இரண்டுமே இந்த மாத்திரையைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். குறைந்தது 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். அளவைக் கூட்டியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால், இன்னும் கூட்டும் முன் இந்த இடைவெளியைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை.

அளவை மாற்றிய இரண்டாவது வாரமே பரிசோதிப்பது வீண். ஹார்மோன் நிலைபெற ஏறத்தாழ 6 வாரம் ஆகும்.

ஆயுசு பூராவும் மாத்திரைதானா?

கட்டாயமில்லை. மேலே சொன்ன உதாரணத்தில் போல, ஒரு வருடம் கழித்துக் குறைத்துப் பார்க்க வேண்டும். யாரும் குறைத்துப் பார்க்காததாலேயே பல ஆண்டுகள் தேவையில்லாமல் சாப்பிடுபவர்கள் உண்டு. கர்ப்பமாக இருக்கும்போதும், அதற்கு முயலும்போதும், தாய்ப்பால் கொடுக்கும்போதும் மட்டும் இப்படிக் குறைத்துப் பார்க்க வேண்டாம். சிலருக்குச் சுரப்பி மீள்வதே இல்லை. டி.எஸ்.எச். மிக அதிகமாக ஏறியவர்களுக்கும், ஆன்டிபாடி அளவு அதிகம் உள்ளவர்களுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல். மீண்டவர்களுக்கும் சில ஆண்டுகள் கழித்துப் பற்றாக்குறை வரலாம் என்பதால் வருடம் ஒரு முறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது, திடீர் நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மயக்கம் ஆகியவை இதயம் அல்லது ரத்தக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். தைராய்டு என்று நினைத்து வீட்டில் காத்திருக்கக் கூடாது. தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் தலைகால் புரியாமல் நடந்துகொள்வது ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவமனை, தாயைத் தனியாக விடாமல்.

அடுத்த குழந்தைக்கும் இது வருமா?

ஒரு முறை வந்தவர்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு அடுத்த பிரசவத்துக்குப் பின்னும் வருகிறது. கர்ப்பத்துக்கு முயலும் முன்பே டி.எஸ்.எச். பாருங்கள். கர்ப்பம் உறுதியானதும் மறுபடி பாருங்கள், ஏனென்றால் முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கும். லெவோதைராக்ஸின் எடுத்துக்கொண்டிருந்தால் கர்ப்பம் தெரிந்த உடனேயே டாக்டரை அழையுங்கள், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வராமல் தடுக்கலாம் என்று அயோடினைத் தானாகக் கூட்டி எடுக்க வேண்டாம், அளவு மீறிய அயோடின் இதே அழற்சியைக் கிளறிவிடக்கூடும். பிரசவத்துக்குப் பின் 3-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டுக்கும் இப்போதே தேதி குறித்துவிடுங்கள்.